ஸ்டென்ட் வைக்கும் முன் மச்சான் கேட்ட கேள்விகள்

என் இதயத்தைப் பற்றி நானே நிறைய எழுதியிருக்கிறேன். இருபது வருடக் கட்டுரைகளில் அது உடைந்திருக்கிறது, உருகியிருக்கிறது, கனத்திருக்கிறது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் உண்டு என்பதும், அவற்றில் முன்பக்கத்துக் குழாய் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சுருங்கிக்கொண்டிருந்தது என்பதும் ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் தெரிந்தது. நகைச்சுவை எழுத்தாளனுக்கு உடற்கூறு எதற்கு என்று இருந்துவிட்டேன்.

எழுத்து சோறு போடாது என்பதால் கம்பத்தில் ஒரு கடையும் உண்டு. சொட்டுநீர்க் குழாய், பம்புசெட் உதிரிபாகம், வால்வு, எல்போ, இணைப்பான். திராட்சைத் தோட்டக்காரர்கள்தான் வாடிக்கை. பரணில் இருக்கும் சாமானை எடுக்க ஓர் இரும்பு ஏணி. அதன் நான்காவது படியில் கால் வைத்தால் யாரோ நெஞ்சுக் குழியில் உள்ளங்கையை வைத்து அழுத்துவது போல இருக்கும். இறங்கி நின்றால் ஐந்து நிமிடத்தில் விலகிவிடும். வாயு என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். படித்தவன் தனக்குத்தானே வைத்தியம் பார்த்தால் இரண்டு பேர் கெடுவார்கள்: ஒருவன் நோயாளி, இன்னொருவன் வைத்தியன்.

கடைசியில் என் மனைவி என்னைத் தேனிக்கு இழுத்துப் போனாள். டிரெட்மில் பட்டையில் நடக்கவிட்டுப் பார்த்தார்கள். பிறகு ஸ்கேன். முன்பக்கக் குழாயின் நடுவில் ஓரிடத்தில் அடைப்பு அதிகம் போலத் தெரிகிறது என்று அறிக்கை வந்தது. இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டேன். நான்காவது படியில் வந்த வலி ஐந்தாவது படிக்கு மாறியது. மருத்துவத்தின் வெற்றிதான், ஆனால் ஏணிக்கு ஏழு படி.

"மாத்திரை குடுத்தும் வலி நிக்கல. ஆஞ்சியோ பண்ணிப் பாத்துரலாம். அடைப்பு நெசமாவே அவ்வளவு இருந்தா அப்பவே பலூன் வச்சு விரிச்சு ஸ்டென்ட் வச்சுரலாம். வேணுமா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணணும். வீட்ல இருக்கவங்களையும் கூட்டிட்டு வாங்க, உக்காந்து பேசுவோம்" என்றார் டாக்டர். நாற்பது வயதுப் பெண்மணி. போடிக்காரர். என் ஓரப்பார்வைக்கு எங்கள் பள்ளிக்கூட ஹெட்மிஸ்ட்ரஸ் சாயல், ஆனால் கையில் பிரம்பு இல்லை.

வீட்டில் இருக்கிறவர்கள் என்று அவர் சொன்னது என் மனைவியை. என் மனைவி புரிந்துகொண்டது தன் அண்ணனை.

மச்சான் காமயகவுண்டன்பட்டிக்காரர். திராட்சைத் தோட்டம் இருந்தாலும் பெயர் பெற்றது மாட்டுத் தரகில். இப்போது மாடுகள் குறைந்துவிட்டன, தரகு குறையவில்லை. நிலம், டிராக்டர், பெண், மாப்பிள்ளை என எதையும் அவர் முன்னால்தான் பேசி முடிப்பார்கள். என்னையும் அவர்தான் பேசி முடித்தார். 'மாப்ள குணம் தங்கம், வேலை வெட்டி ஒண்ணும் உருப்படியா தெரியாது' என்று தன் வீட்டாரிடம் என் குறையைத்தான் முதலில் சொன்னாராம். அது இன்றுவரை என் மனைவி வாயில் நிற்கிறது.

அவரை நான் உள்ளூரக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் வைத்திருந்தேன். வீட்டு அலமாரியில் இருக்கிற புத்தகங்களின் எண்ணிக்கையை வைத்து ஒருவரை அளக்கிற பழக்கம் எனக்கு. மச்சான் வீட்டில் ஒரே புத்தகம், டிராக்டர் கையேடு.

குறித்த நாளில் காலை பத்து மணிக்கு மருத்துவமனையில் நாங்கள் நால்வர்: நான், என் மனைவி, மச்சான், மச்சானின் மனைவி. அந்த அக்காவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அவர் காதில் விழுந்த செய்தி, நகராட்சித் தண்ணீர் திறந்துவிட்ட மாதிரி, அன்று பிற்பகலுக்குள் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். தீமை கிடையாது, அக்கறை மட்டுமே. ஒரு தூக்கு நிறைய இட்லியும் வந்திருந்தது.

டாக்டரின் மேசையில் ஒரு பிளாஸ்டிக் இதயம் இருந்தது. மச்சான் உட்காராமலே அதைக் கையில் எடுத்து அடியும் மேலும் திருப்பிப் பார்த்தார். வாய் இருந்தால் பல்லையும் பிடித்துப் பார்த்திருப்பார்.

"டாக்டரம்மா, எங்க பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மாடு கை மாறணும்னா வித்தவன் மூணாவது மனுசன் முன்னால குறைய மொதல்ல சொல்லணும். கெட்ட சுழி, முட்டுற பழக்கம், நொண்டி, எல்லாம். சொன்ன குறைக்கு வாங்குனவன் பின்னால சண்டைக்கு வரக்கூடாது. சொல்லாத குறைக்கு மாட்டைத் திருப்பி ஓட்டிட்டு வரலாம். குறைய சொல்லி முடிச்சப்பறந்தான் கயித்தைக் கையில குடுப்போம். அதனால நல்லதெல்லாம் அப்பறம் சொல்லுங்க. குறைய மொதல்ல சொல்லுங்க."

நான் மச்சானின் காலை மிதித்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அண்ணே, நீங்க கேட்டது ரொம்பச் சரி. பாதிப் பேரு 'நீங்க பாத்து செய்யுங்க'ன்னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. அப்பறம் என்னைக்காவது ஏதாச்சும் ஆச்சுன்னா, யாருமே சொல்லலியேம்பாங்க. குறையச் சொல்றேன். ஆனா அதுக்கு முன்னால, இது எதுக்குங்கிறதை ஒரு நிமிசம் கேட்டுக்கங்க. அதுல ஒரு ஏமாத்தம் இருக்கு, அதையும் குறையாவே வச்சுக்கங்க."

ஏமாற்றம் என்னவென்றால், எனக்கு நடப்பது மாரடைப்பு இல்லை. மாரடைப்பில் குழாய் சட்டென்று அடைபடும், அப்போது உடனே விரித்து வைத்தால் உயிரைக் காக்கும். என் கதை வேறு. மெதுவாகச் சுருங்கிய குழாய், மேலே ஏறினால் வலி, நின்றால் சரி.

"உங்களுக்கு ஸ்டென்ட் வச்சா முக்கியமான பலன் வலி குறையிறது. ஏணி ஏறலாம், நடக்கலாம், மாத்திரை கொஞ்சம் குறையலாம். ஆயுசு கூடும்னோ, மாரடைப்பே வராதுன்னோ நான் சொல்லமாட்டேன். அதைப் பாத்துக்கிறது கொழுப்பு மாத்திரை, சுகரைக் கட்டுப்படுத்துறது, நடக்கிறது, சிகரெட் இல்லாம இருக்கிறது. ஸ்டென்ட் ஒரு எடத்தைத்தான் சரி பண்ணும். மத்த எடமெல்லாம் நீங்கதான் பாத்துக்கணும்."

"அப்ப இது வேணாம்னு சொன்னா?" என்றாள் என் மனைவி.

"இன்னும் மாத்திரையைக் கூட்டிப் பாக்கலாம். அதுவும் தப்பில்ல. அவசரம் ஒண்ணும் இல்ல. உள்ளுக்குள்ள பாத்து நாலஞ்சு எடத்துல அடைப்பு, இல்ல குழாய் ஆரம்பிக்கிற எடத்துலயே அடைப்புன்னு இருந்தா பைபாஸ்தான் நல்லதுன்னு நானே சொல்லிருவேன். அப்பிடி இருந்தா அங்கனயே நிறுத்திட்டு வெளியே வந்து உங்கட்ட பேசுவேன்."

மச்சான் ஒரு விரலை மடக்கினார். மனக்கணக்கு அவருக்கு விரல்களில்தான். "சரி. இப்ப நொண்டி."

டாக்டர் சொன்னார். மச்சான் விரல் விரலாக மடக்கினார். ஊசி குத்துகிற இடத்தில் ரத்தம் கட்டலாம், கசியலாம். எக்ஸ்ரேயில் குழாய் தெரிய ஊற்றுகிற மருந்து சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, தடிப்பு வரும், அபூர்வமாகப் பெரிதாகவும் வரும். அந்த மருந்து சிறுநீரகத்துக்குப் பாரம், அதனால் முன்கூட்டியே ரத்தத்தில் பார்த்துக்கொள்வார்கள், என் சர்க்கரை மாத்திரையில் ஒன்றை அந்தச் சமயத்தில் நிறுத்தச் சொல்லலாம். குழாய் கிழியலாம். செய்யும்போதே மாரடைப்பு வரலாம், பக்கவாதம் வரலாம். அவசரமாக பைபாஸ் செய்ய வேண்டி வரலாம்.

"உசுருக்கு?" என்று என் மனைவி கேட்டாள். கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவில்லை, தூக்குவாளியைப் பார்த்தாள்.

"அதுவும் உண்டும்மா. உங்க வீட்டுக்காரர் மாதிரி இருக்கிறவங்களுக்கு ரொம்ப ரொம்ப அபூர்வம். ஆனா இல்லவே இல்லைன்னு சொன்னா பொய்."

அக்கா "ஆத்தா கௌமாரி" என்று வீரபாண்டிக் கோயில் இருக்கிற திசைக்குக் கும்பிடு போட்டார். எனக்கு அந்த நேரத்தில் டாக்டர் மீது வந்தது பயமில்லை, ஒரு நிம்மதி. 'ஒண்ணும் ஆகாது சார்' என்று முதுகில் தட்டியிருந்தால் அன்று இரவு முழுக்க அந்த ஒண்ணு என்னவாக இருக்கும் என்று யோசித்திருப்பேன்.

அடுத்தது கையா, தொடையா என்ற கேள்வி. அதை நான் கேட்டேன். நானும் படித்தவன் என்று நிரூபிக்க வேண்டியிருந்தது.

"பெரும்பாலும் மணிக்கட்டு வழியாத்தான் போவோம்" என்ற டாக்டர் என் வலது கையைப் பிடித்தார். மணிக்கட்டின் இரண்டு பக்கமும் இரண்டு கட்டை விரலால் அழுத்தி, கையை மூடித் திறக்கச் சொன்னார். உள்ளங்கை வெளுத்தது. சுண்டுவிரல் பக்கத்துப் பிடியை விட்டதும் மெல்லச் சிவந்தது.

"விரலைப் பிடிச்சுட்டாக, இனி விலைய பேசி முடிச்சிர வேண்டியதுதான்" என்றார் மச்சான். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் விலை பேசுவார்கள்.

"கைக்கு ரெண்டு குழாய் ரத்தம் கொண்டு வருது அண்ணே. ஒண்ணு வழியா நாங்க போறோம். சில பேருக்குப் பின்னால அது அடைஞ்சு போகும். இன்னொண்ணு இருக்கிறதால பெரும்பாலும் கைக்கு ஒண்ணும் தெரியாது. குழாய் சுருங்கிப் பிடிச்சுக்கிட்டா முழங்கை வரைக்கும் வலிக்கும். ஆனா தொடை வழியா போறதைவிட ரத்தக்கசிவு குறைவு, சீக்கிரம் எந்திரிச்சு உக்காரலாம், நடக்கலாம். தொடையில போனா சில மணி நேரம் காலை மடக்காம மல்லாந்து கிடக்கணும், எந்திரிச்சா ரத்தம் கட்டும். கையில குழாய் ரொம்ப சின்னது, வளைஞ்சு நெளிஞ்சு இருக்குன்னா தொடைக்கு மாத்த வேண்டி வரலாம். அதனால ரெண்டுக்குமே சேத்துத்தான் சம்மதம் கேப்போம், ரெண்டு எடத்தையும் தயார் பண்ணி வப்போம்."

"வலது கை எழுதுகிற கை" என்றேன்.

"என்ன எழுதுவீங்க?"

"நகைச்சுவை."

"அப்ப சேதாரம் ஒண்ணும் இல்ல டாக்டரம்மா, தைரியமா குத்துங்க" என்றார் மச்சான்.

டாக்டர் அப்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். என் இருபது வருட எழுத்து அவரைச் சிரிக்க வைத்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

செய்யும்போது தூங்க வைக்கமாட்டார்கள், மணிக்கட்டில் மட்டும் மரத்துப்போக ஊசி, பேசிக்கொண்டே இருக்கலாம், பலூன் விரியும்போது அந்த ஏணி வலி கொஞ்ச நேரம் வந்து போகும் என்றார். முடிந்ததும் மணிக்கட்டில் இறுக்கமாக ஒரு பட்டை, மெல்ல மெல்லத் தளர்த்துவார்கள். பெரும்பாலும் மறுநாள் வீடு. ஒரு வாரம் அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, சில நாள் பைக் ஓட்டக் கூடாது, நடையை மட்டும் நாளுக்கு நாள் கூட்டலாம். ஊதா நிறத்தில் காயம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ரத்தம் நிற்காமல் வந்தாலோ, கை குளிர்ந்து மரத்தாலோ, நெஞ்சு வலித்தாலோ யோசிக்காமல் ஓடி வர வேண்டும்.

"இப்ப ரொம்ப முக்கியமானது." அவர் விரலை நீட்டினார். மச்சான் மடக்கத் தயாரானார். "ஸ்டென்ட் வச்சா ரெண்டு மாத்திரை, ரத்தம் அதுல உறையாம இருக்க. ஒண்ணு எப்பவும். இன்னொண்ணு சாதாரணமா ஆறு மாசம். ஒரு நாள்கூட என்னைக் கேக்காம நிறுத்தக்கூடாது. பல் புடுங்கிற டாக்டரு நிறுத்தச் சொன்னாகூட என்னைக் கேக்கணும். நிறுத்தினா உள்ள ரத்தம் உறைஞ்சு சட்டுனு அடைச்சிரும், அது பெரிய மாரடைப்பு. இதுக்கு இன்னொரு பக்கம், ரெண்டு மாத்திரையும் எடுக்கிறப்ப எங்க ரத்தம் வந்தாலும் சீக்கிரம் நிக்காது. அதனாலதான் கேக்குறேன் சார். வயித்துப்புண், கருப்பா வெளிக்குப் போறது, மூலம், எங்கயாச்சும் ரத்தம் போறது, ஏதாவது உண்டா?"

"இல்லை" என்றேன்.

இரண்டு வருடமாக எனக்கு மூலம் இருந்தது. வாரத்தில் மூன்று நாள் காலையில் ரத்தம். அதைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. இருபது வருடமாக ஊரிலுள்ள அத்தனை பேரின் சங்கடத்தையும் எழுதிக் காசாக்கியவன், தன் சங்கடத்தை மட்டும் கதவைத் தாழ்ப்பாள் போட்டு உள்ளே வைத்திருந்தேன். எதிரே ஒரு பெண் டாக்டர். பக்கத்தில் மனைவி. அதற்கும் பக்கத்தில் நகராட்சித் தண்ணீர். 'இல்லை' என்ற சொல் எனக்கு முன்னால் எழுந்து போய் மேசையில் உட்கார்ந்துகொண்டது.

டாக்டர் ஏதோ குறித்துக்கொண்டு சம்மதப் படிவத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினார். தமிழில் நான்கு பக்கம். "வீட்டுக்குக் கொண்டுபோயிப் படிங்க. இப்பவே போடணும்னு இல்ல. போடுறதா இருந்தா நாளைக்கு மதியம் டேபிள் காலி."

"போட்ருவோம்" என்று பேனாவைத் தேடினேன். பொய் சொன்னவனுக்கு எப்போதுமே அந்த இடத்தை விட்டுக் கிளம்ப அவசரம்.

மச்சான் என் கையின் மேல் தன் கையை வைத்தார். "இருங்க மாப்ள. இன்னும் ஒண்ணு பாக்கி. டாக்டரம்மா அவுக பக்கத்துக் குறையெல்லாம் சொல்லிட்டாக. எங்க பக்கம் நாங்க சொல்லணும்ல?"

"புரியலண்ணே" என்றார் டாக்டர்.

"ரெண்டு பக்கமும் உண்டும்மா. வாங்குறவனும் சொல்லணும். எந்த வண்டியில பூட்டப் போறான், என்ன பாரம் ஏத்தப் போறான்னு. கல்லு வண்டிக்குப் பூட்டுறவன் வைக்கோல் வண்டின்னு சொல்லி வாங்கிட்டுப் போயி மாடு ரோட்ல படுத்துக்கிச்சுன்னா, வித்தவன் மேல குத்தமில்ல. அந்தப் பாவம் வாங்குனவனுக்குத்தான். கயித்தை மாத்துறதுக்கு முன்னால அதையும் கேப்போம்." என்னைப் பார்த்துத் திரும்பினார். "என்னா மாப்ள, நம்ம பக்கம் சொல்ல வேண்டியது எல்லாம் சொல்லியாச்சுல்ல?"

வெகுளியாகத்தான் கேட்டார். அன்றைய பேச்சில் நான் யார் என்று அப்போதுதான் விளங்கியது. இவ்வளவு நேரமும் நான் வாங்க வந்தவன், கேள்வி கேட்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். மாடும் நான்தான், மறைத்தவனும் நான்தான், நடு ரோட்டில் படுக்கப் போவதும் நான்தான்.

"டாக்டர்கிட்ட தனியா ஒரு நிமிசம்" என்றேன்.

அக்கா எழுந்திருக்க யோசித்தார். "என்னா தனியா? நாங்க என்ன அசலா?"

"ஏ புள்ள, எந்திரிச்சு வா. மாப்ள ஏதோ கேக்கணுங்கிறாக" என்று மச்சான் அவரைத் தள்ளிக்கொண்டு போனார். என் மனைவி போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதன் பொருளை அப்போது நான் தவறாகப் படித்தேன்.

கதவு சாத்தியதும் சொன்னேன். பிளாஸ்டிக் இதயத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். டாக்டர் முகத்தில் ஒரு கோடுகூட மாறவில்லை. எவ்வளவு நாளாக, எவ்வளவு, என்ன நிறம், எடை குறைந்ததா, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய் உண்டா என்று சந்தையில் தக்காளி விசாரிப்பது போலக் கேட்டார். பிறகு பேனாவை மூடி வைத்தார்.

"காலையில எடுத்த ரத்தம் ரிசல்ட் சாயங்காலம் வரும். ரத்தம் குறைவா இருந்தா தெரிஞ்சிருக்கும், எங்க போகுதுன்னு தெரிஞ்சிருக்காது. ரத்தம் குறைஞ்சாலே இந்த நெஞ்சு வலி கூடும் சார். குழாய் சின்னதானதோட, அதுல ஓடுற ரத்தமும் தண்ணியா இருந்தா எப்பிடி? நாளைக்கு வேணாம். முதல்ல இதைப் பாப்போம்."

"இதைச் சொல்லாமல் போட்டிருந்தால்?"

"மாத்திரையைத் தொடங்கினப்பறம் ரத்தம் நிக்காம போயி, நீங்க பயந்துபோயி மாத்திரையை நிறுத்தியிருப்பீங்க. யாருக்கும் சொல்லாமதானே நிறுத்துவீங்க?"

என்னைச் சந்தித்து மூன்றே தடவைதான் ஆகியிருந்தது. என் வாழ்க்கைச் சரித்திரத்தை ஒரு வரியில் எழுதிவிட்டார்.

வெளியே வந்து, "நாளைக்கு இல்ல, கொஞ்சம் தள்ளிப் போட்ருக்காக" என்று மட்டும் சொன்னேன். மச்சான் காரணம் கேட்கவில்லை. அக்காவுக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை, இருந்தாலும் மச்சான் அவர் கையில் இட்லித் தட்டைத் திணித்துவிட்டார்.

பேருந்தில் வரும்போது உத்தமபாளையம் தாண்டியதும் என் மனைவி ஜன்னல் பக்கம் பார்த்தபடி கேட்டாள். "சொல்லிட்டீகளா?"

"என்னத்த?"

"வாரம் தவறாம துத்திக் கீரை வாங்கிட்டு வந்து வெளக்கெண்ணெயில வதக்கச் சொல்லித் திங்கிறீக. மூலத்துக்குன்னு இல்லாம துத்திக் கீரையை ருசிக்கு யாரு திம்பா? ரெண்டு வருசமா நீங்களா சொல்வீகன்னு பாத்தேன். இன்னைக்கு இல்லைன்னீகளே, அப்ப எனக்கு நெஞ்சு அடைச்சுருச்சு. நாளைக்குக் காலையில நானே டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லணும்னு இருந்தேன்."

என்னை அறைந்திருக்கலாம். அது எளிது.

அடுத்த மூன்று வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மறக்க எவ்வளவோ முயன்றும். ரத்த அளவு நிஜமாகவே குறைந்திருந்தது. குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். அதற்கு முந்தின நாள் குடிக்கக் கொடுத்த மருந்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதத் தொடங்கி, மூன்று தடவை எழுந்து ஓடி, கைவிட்டேன். முடிவு வரும்வரை நான் யாரோடும் வேடிக்கை பேசவில்லை. என் மனைவி தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். வெங்காயத்துக்கு அவ்வளவு தேவை இல்லை.

வேறொன்றும் இல்லை, மூலம்தான் என்றார்கள். ரப்பர் வளையம் போட்டுக் கட்டினார்கள். இரும்புச் சத்து ஏற்றினார்கள். ரத்தப்போக்கு நின்றது, ரத்த அளவும் தேறியது. டாக்டர் மறுபடி அழைத்தார். ரத்தம் ஏறியதும் ஐந்தாவது படி வலி ஆறாவது படிக்குப் போயிருந்தது. முழுக்கப் போகவில்லை.

"இப்பவும் வேணாம்னா மாத்திரையிலயே போகலாம். உங்க முடிவு" என்றார்.

இந்தத் தடவை நான் வீட்டில் உட்கார்ந்து படிவத்தின் நான்கு பக்கத்தையும் படித்திருந்தேன். மனைவியும் படித்திருந்தாள், என்னைவிடக் கவனமாக. ஆயுளுக்கு உத்தரவாதம் இல்லை என்று தெரியும். ஏணியில் ஏறி, திண்டுக்கல் போகிற பேருந்தைப் பிடிக்க ஓடி, மகள் வீட்டு மாடிக்கு மூச்சுப் பிடிக்காமல் போய் வர வேண்டும் என்பதுதான் என் கணக்கு. அதற்கு இது பொருத்தம் என்று பட்டது. கையெழுத்துப் போட்டேன். இரண்டாவது மாத்திரையை எனக்கு ஆறு மாதம் இழுக்காமல் சீக்கிரம் நிறுத்தலாமா என்று மூன்றாவது மாதத்தில் பார்த்து முடிவு செய்வோம், அதற்கு ஏற்ற ஸ்டென்ட்டாகவே வைக்கிறேன், வயிற்றுக்கும் ஒரு மாத்திரை சேர்த்துத் தருகிறேன் என்றார். முன்னால் சொல்லாமல் விட்டிருந்தால் இந்த ஏற்பாடு எதுவும் இருந்திருக்காது.

மேசையில் படுத்திருந்தபோது வலது மணிக்கட்டில் எறும்பு கடித்தது போல ஊசி, பிறகு தோள் வரை ஓர் இழுப்பு. பலூன் விரிந்தபோது அந்த உள்ளங்கை வந்து நெஞ்சில் அழுத்தியது. ஏணி இல்லாமலே வந்துவிட்டாயே என்று சொல்லத் தோன்றியது. "வலிக்கும்னு சொன்னேன்ல, இப்ப எறக்கிருவேன்" என்று திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்து டாக்டர் குரல். உடனே விலகியது. சொன்னபடி சொன்ன இடத்தில் வலிப்பது எவ்வளவு ஆறுதல் என்பதை அன்றுதான் கண்டேன். அரை மணி நேரம், முக்கால் மணி நேரம் இருக்கும். வெளியே வந்து மச்சானிடம் டாக்டர், "நெனச்ச மாதிரியே ஒரு எடந்தான், நல்லா விரிஞ்சிருச்சு" என்றாராம். மச்சான் பதிலுக்கு, "நல்லா இருங்கம்மா" என்று இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டாராம். அவர் யாரையும் இரண்டு கையால் கும்பிட்டு நான் பார்த்ததில்லை.

மணிக்கட்டைச் சுற்றி ஊதாவும் மஞ்சளுமாக ஒரு வாரம் இருந்தது. கனம் தூக்கக் கூடாது என்பதைக் குடும்பத்தில் எல்லோரும் நான் சொல்வதற்கு முன்பே சொன்னார்கள். கடையில் வந்த வாடிக்கையாளர்கள் தாங்களே பரணில் ஏறி எடுத்துக்கொண்டு, விலையையும் தாங்களே குறைத்துக்கொண்டார்கள்.

இரண்டு மாதம் கழித்து காமயகவுண்டன்பட்டிக்குப் போனேன். மச்சான் திராட்சைப் பந்தலுக்கு அடியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நன்றி சொல்லத்தான் போனேன். ஐம்பத்து மூன்று வயதில் அந்தச் சொல்லை எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கடைசியில் முழுக் கதையையும் சொன்னேன். பெண் டாக்டர் முன்னால் பொய் சொன்னது, அவர் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது, எல்லாவற்றையும்.

மச்சான் கொடியில் ஒரு இலையைக் கிள்ளினார்.

"எனக்கும் இருக்கு மாப்ள. அஞ்சாறு வருசமா."

"டாக்டர்ட்ட காட்டுனீகளா?"

"யாருட்ட போயி காட்ட? உங்க அக்கா காதுல விழுந்துச்சுன்னா காமயகவுண்டன்பட்டியில நான் எந்த மாட்டுக்குச் சுழி சொல்றது?"

அன்று பிற்பகலே தேனிக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். வரமாட்டேன் என்றார். நான் வெளியே உட்கார்ந்திருப்பேன், உள்ளே வரமாட்டேன், அக்காவுக்குச் சொல்லமாட்டேன் என்று மூன்று சத்தியம் செய்தேன். மச்சான் யோசித்து, ஒவ்வொரு சத்தியத்துக்கும் ஒரு விரலை மடக்கிவிட்டு எழுந்து வேட்டியை மாற்றப் போனார். உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது.

"பஸ்ஸுல ஜன்னல் சீட்டு எனக்கு மாப்ள."